கோயில் நிர்வாகச் சட்டத்துக்காக வாதாடும் மெமோரியல்: மூட் கோர்ட்டில் எதிர்மனுதாரர் தரப்பை எழுதும் முறை

மூட் கோர்ட் என்பது சட்ட மாணவர்களின் மாதிரி நீதிமன்றப் போட்டி. அதில் மத உரிமை பற்றித் தரப்படும் கற்பனை வழக்குகள், அதாவது மூட் பிராப்ளங்கள், பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு மாநிலம் சட்டம் இயற்றும். அந்தச் சட்டம் ஒரு கோயிலின் நிர்வாகத்தில் கை வைக்கும். நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் அரசமைப்பின் 25, 26 ஆகிய உறுப்புகளைச் சுட்டி உச்ச நீதிமன்றம் போவார்கள். மனுதாரர் தரப்புக்கு மெமோரியல் எனப்படும் எழுத்து வாதத்தை எழுதுவது எளிது, ஏனென்றால் உணர்வு அவர்கள் பக்கம் இருக்கிறது. எதிர்மனுதாரரான அரசுக்கு எழுதுபவர் அதே உணர்வோடு மோதப் போனால் தோற்பார். சாவி யாரிடம் இருக்கிறது, நகைப் பதிவேட்டை யார் எழுதுகிறார்கள், குத்தகைப் பணம் எங்கே போகிறது என்ற இடத்துக்கு வழக்கை இறக்கிக் கொண்டுவருவதுதான் அவர் வேலை. வழக்கு சாமியைப் பற்றியதாக இருக்கும்வரை மனுதாரர் கை ஓங்கியிருக்கும், கணக்கைப் பற்றியதாக மாறிவிட்டால் அரசின் கை ஓங்கும்.

இதை ஒரு மாதிரி வழக்கை வைத்தே பார்ப்போம். இந்த வழிகாட்டியில் அரசமைப்புச் சட்டத்தின் விதிகளை ‘உறுப்பு’ என்றும், மாநிலச் சட்டத்தின் விதிகளைப் ‘பிரிவு’ என்றும் சொல்கிறோம்.

மாதிரி வழக்கு

கற்பனையான ஒரு மாநிலம். அங்கே 300 ஆண்டுப் பழைய கோயில் ஒன்று. சுமார் 600 குடும்பங்களைக் கொண்ட ஒரு சபை அதை நிர்வகித்து வருகிறது. அரசின் தணிக்கையில் 40 ஏக்கர் நிலம் முறையான அனுமதியின்றி குத்தகைக்கு விடப்பட்டதும், நகைப் பதிவேடு 12 ஆண்டுகளாக எழுதப்படாததும் தெரியவருகிறது. மாநிலம் சட்டம் இயற்றுகிறது. பிரிவு 4 ஐந்து பேர் கொண்ட வாரியத்தை அமைக்கிறது, அவர்களில் மூவர் சபைக் குடும்பத்தினர். பிரிவு 5 முறைகேடு தெரியவந்தால் மூன்றாண்டுக்கு மிகாமல் ஒரு செயல் அலுவலரை நியமிக்க வழி செய்கிறது. பிரிவு 7 ஆண்டுத் தணிக்கையையும் உண்டியல் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கையும் கட்டாயமாக்குகிறது. பிரிவு 9 இந்துக்களில் எந்தச் சாதியினரும் மகாமண்டபம்வரை செல்லலாம் என்கிறது. பிரிவு 11 ‘பூஜை நேரங்களை வாரியம் நிர்ணயிக்கும்’ என்கிறது. பின்பு அரசு ஒரு செயல் அலுவலரை நியமிக்கிறது. அந்த ஆணையில் ‘மறு உத்தரவு வரும்வரை’ என்ற சொற்கள் இருக்கின்றன.

பிராப்ளம் எழுதுபவர்கள் இப்படித்தான் பொறி வைப்பார்கள். பிரிவு 11 ஒரு பொறி, ‘மறு உத்தரவு வரும்வரை’ இன்னொன்று. மெமோரியலின் தரம் தெரிவது இந்த இரண்டு இடங்களில்தான். மற்றவற்றுக்குத் தேவையான தீர்ப்புகள் பழையவை, எல்லா அணிகளிடமும் இருக்கும்.

முதல் வேலை: சட்டத்தைப் பிரித்து அடுக்குவது

தீர்ப்புகளைத் தேடுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் பிரிவு, இரண்டாவதில் அந்தப் பிரிவு உண்மையில் எதைத் தொடுகிறது, மூன்றாவதில் அது எந்த உறுப்பின் கீழ் வரும்.

பிரிவு 7 பணத்தைத் தொடுகிறது. மத நடைமுறையோடு சேர்ந்திருக்கும் பொருளாதார, நிதி சார்ந்த நடவடிக்கைகளை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்று உறுப்பு 25(2)(ஏ) சொல்கிறது. உறுப்பு 26(டி) சொத்தைச் ‘சட்டத்துக்கு இணங்க’ நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது. பிரிவு 9 நுழைவைத் தொடுகிறது, அது பொதுவான இந்துக் கோயில்களை இந்துக்களின் எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிட அரசுக்கு இடம் தரும் 25(2)(பி). பிரிவு 4, 5 இரண்டும் நிர்வாகம், அதாவது 26(டி). பிரிவு 11 வழிபாட்டையே தொடுகிறது. அது 26(பி), அதாவது சமய விஷயங்களில் தன் காரியங்களைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமை. அரசுக்கு மிகவும் ஆபத்தான கட்டம் அது.

இந்த அட்டவணை இல்லாமல் எழுதும் அணிகள் ஒரு தவறைத் தவறாமல் செய்கின்றன. உறுப்பு 25-க்கு உள்ள வரம்புகளை உறுப்பு 26-க்கும் பொருத்திவிடுகின்றன. உறுப்பு 25(1) பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கும், அடிப்படை உரிமைகளைச் சொல்லும் பாகத்தின் மற்ற விதிகளுக்கும் உட்பட்டது. உறுப்பு 26 அவற்றில் முதல் மூன்றுக்கு மட்டுமே உட்பட்டது. ‘மற்ற விதிகளுக்கு உட்பட்டு’ என்ற சொற்கள் அதில் இல்லை. ஆகவே ‘உறுப்பு 14 சமத்துவம் சொல்கிறது, அதனால் 26 அடங்கிப்போகும்’ என்று ஒரே வரியில் எழுதினால், நீதிபதி உறுப்பு 26-ஐ வாசித்துக் காட்டச் சொல்வார். அந்த நிமிடமே வாதம் சரிந்துவிடும்.

நுழைவு விஷயத்தில் இந்த இடைவெளியைக் கடக்கப் பாலம் இருக்கிறது. 1957-இல் முடிவான வெங்கடரமண தேவரு வழக்குதான் அது. மூல்கியில் இருந்த கௌட சாரஸ்வத பிராமணர்களின் கோயில், மதராஸ் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம், இவை பற்றிய வழக்கு. அந்தக் கோயில் ஒரு சமயப் பிரிவுக்கு உரியது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அப்படி ஏற்றுக்கொண்டும் 26(பி) உரிமை 25(2)(பி)-க்கு உட்பட்டே வாசிக்கப்பட வேண்டும் என்றது. அதே மூச்சில், அந்தப் பிரிவினருக்கு மட்டுமே உரிய சில சடங்குகளின்போது பிறரை விலக்கிவைக்கும் உரிமையையும் காத்துக் கொடுத்தது. பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதாதீர்கள். பிரிவு 9 ‘மகாமண்டபம்வரை’ என்று நிறுத்திக்கொள்வதையும், சபைக்கே உரிய சடங்குகளைத் தொடாததையும் நீங்களே சுட்டுங்கள். எதிர்த்தரப்பு தன் ஆயுதமாக வைத்திருந்த மறுபாதி அப்போது உங்கள் ஆயுதமாகிவிடும்.

வாதங்களின் வரிசை

எதிர்மனுதாரர் மெமோரியல் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய அரண்கள்போல இருக்க வேண்டும். முதல் அரண் வீழ்ந்தாலும் இரண்டாவது நிற்க வேண்டும். ஒவ்வொரு தலைப்பின் இறுதியிலும் ‘அப்படியே வைத்துக்கொண்டாலும்’ என்ற திருப்பம் வர வேண்டும். இந்த வழக்குக்கு வரிசை இதுதான்: மனுதாரர்கள் உறுப்பு 26 சொல்லும் சமயப் பிரிவு அல்ல. அப்படியே வைத்துக்கொண்டாலும், சட்டம் தொடுவது சமயத்தை அல்ல, நிர்வாகத்தை. அப்படியே சில இடங்களில் சமயத்தைத் தொட்டாலும், அந்த இடங்களைக் குறுக்கி வாசிக்கலாம் அல்லது பிரித்து நீக்கலாம், மீதிச் சட்டம் நிற்கும்.

மனு ஏற்கத்தக்கதா என்ற கேள்வியை முதல் தலைப்பாக வைத்து ஐந்து பக்கம் எழுதும் வழக்கம் ஒன்று உண்டு. அடிப்படை உரிமைக்காக நேரே உச்ச நீதிமன்றம் போக வழி தரும் உறுப்பு 32-இன் கீழ் வந்த மனுவில் அது வீண் வேலை. மாற்றுப் பரிகாரம் இருக்கிறது என்பதற்காக 32-ஆம் உறுப்பு மனுவைத் தள்ள முடியாது என்பது 1959-இல் கொச்சுண்ணி வழக்கிலேயே முடிந்துபோனது. பிராப்ளம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ஒரு பக்கம் போதும். அதிலும் ‘மனு தள்ளத்தக்கது’ என்று முழங்க வேண்டாம். சபை ஒரு சமயப் பிரிவா என்பது சாட்சியம் தேவைப்படும் உண்மைக் கேள்வி, அதை நிரூபிக்கும் பொறுப்பு மனுதாரர்களுடையது, அதை அவர்கள் நிரூபிக்கவில்லை என்று மட்டும் எழுதுங்கள். அது அடுத்த தலைப்புக்கு வாசலாகவும் அமையும்.

முதல் அரண்: சமயப் பிரிவா?

1982-இல் முடிவான எஸ்.பி. மிட்டல் வழக்கு (ஆரோவில் பற்றியது) மூன்று அடையாளங்களைக் கேட்டது. தங்கள் ஆன்ம நலத்துக்கு உகந்தது என்று கருதும் நம்பிக்கைத் தொகுதி ஒன்று ஒரு கூட்டத்தாருக்கு இருக்க வேண்டும். பொதுவான அமைப்பு இருக்க வேண்டும். தனிப்பெயர் இருக்க வேண்டும். நம் வழக்கில் சபைக்குப் பெயர் இருக்கிறது, அமைப்பும் இருக்கிறது. ஆகவே அந்த இரண்டிலும் சண்டை போட வேண்டாம். நம்பிக்கைத் தொகுதியில் மட்டும் நில்லுங்கள். அந்த 600 குடும்பங்களை மற்ற பக்தர்களிடமிருந்து பிரித்துக்காட்டும் தத்துவமோ குருபரம்பரையோ தீட்சையோ பிராப்ளத்தில் சொல்லப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் அவர்கள் ஒரு கோயிலை நிர்வகிக்கும் குடும்பங்கள், தனிச் சமயப் பிரிவு ஆகமாட்டார்கள் என்று வாதிடலாம். 2018-இல் சபரிமலை வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பு ஐயப்ப பக்தர்கள் தனிப்பிரிவு அல்ல என்றது உங்களுக்கு உதவும். ஆனால் 2019 நவம்பரில் சீராய்வு மனுக்களின்போது சில கேள்விகள் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன. அதை அடிக்குறிப்பிலேயே நேர்மையாகச் சொல்லிவிடுங்கள், மெமோரியல் ஒப்படைக்கும் நாளில் அதன் நிலையையும் சரிபாருங்கள். இந்த ஒரு தீர்ப்பின் மேல் மட்டும் முழு அரணையும் கட்டக் கூடாது.

இங்கே ஒரு பழைய பொறியும் உண்டு. 1961-இன் அஜ்மீர் தர்கா வழக்கை அரசுத் தரப்பு ஆர்வத்தோடு எடுத்தாளும். உறுப்பு 26 ஒரு பிரிவுக்கு முன்பே இல்லாத உரிமையைப் புதிதாக உண்டாக்குவதில்லை என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அஜ்மீரில் சொத்து நிர்வாகம் வரலாற்றில் அந்தப் பிரிவின் கையில் இருந்ததே இல்லை என்பதுதான் அதன் அடிப்படை. நம் பிராப்ளத்திலோ சபை காலங்காலமாக நிர்வகித்து வந்திருக்கிறது. இந்த வழக்கை அப்படியே எடுத்து வைத்தால் எதிர்த்தரப்பு பிராப்ளத்தின் முதல் பத்தியை வாசித்தே உங்களை முடித்துவிடும். தீர்ப்பின் உண்மைகள் உங்கள் உண்மைகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் தலைப்புக் குறிப்பை மட்டும் வாசித்து எழுதுபவர்கள் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள்.

முதல் அரணில் முரண்பாடு ஒன்றும் ஒளிந்திருக்கிறது. ‘இவர்கள் சமயப் பிரிவே அல்ல’ என்று எழுதிவிட்டு, அடுத்த தலைப்பில் ‘வாரியத்தில் மூவர் அந்தப் பிரிவினரே’ என்று எழுதினால் இரண்டும் ஒன்றையொன்று கடிக்கும். ‘பிரிவினர்’ என்ற சொல்லை மெமோரியல் முழுக்கத் தவிர்த்து ‘சபைக் குடும்பத்தினர்’ என்றே எழுதுங்கள்.

இரண்டாவது அரண்: சமயமா, நிர்வாகமா?

மெமோரியலின் மையம் இதுதான். வாதப்பகுதிக்கு 20 பக்கம் கிடைக்கிறது என்றால் எட்டுப் பக்கமாவது இதற்கு வேண்டும்.

தொடக்கம் 1954-இன் ஷிரூர் மடம் வழக்கு. மதராஸ் அறநிலையச் சட்டத்தை எதிர்த்து வந்தது, ஏழு நீதிபதிகள் அமர்வு, தீர்ப்பை எழுதியவர் பி.கே. முகர்ஜியா. மனுதாரர் தரப்பு இதிலிருந்து ஒரு வரியை எடுப்பார்கள்: ஒரு மதத்தின் இன்றியமையாத பகுதி எது என்பதை அந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே முதன்மையாக அறிய வேண்டும். அதே பத்தியில் இன்னொன்றும் இருக்கிறது. விக்கிரகத்துக்கு இன்ன நேரத்தில் நைவேத்தியம் செய்ய வேண்டும், ஆண்டின் இன்ன காலத்தில் இன்ன சடங்கு நடக்க வேண்டும் என்று சமயக் கோட்பாடு விதித்திருந்தால் அவை சமயத்தின் பகுதிகளே, அவற்றுக்குப் பணம் செலவாகிறது என்பதால் மட்டும் உலகியல் காரியங்கள் ஆகிவிடா என்கிறது தீர்ப்பு. ஆனால் அந்தச் சடங்குகளுக்கு எவ்வளவு செலவழிப்பது என்பது சொத்து நிர்வாகத்தைச் சேர்ந்தது, அதைச் சட்டத்தின் வழியே அரசு கட்டுப்படுத்தலாம் என்கிறது.

இந்த எல்லைக்கோட்டை உங்கள் மெமோரியலின் முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். எப்போது, எப்படி என்பவை சமயம். எவ்வளவு, யார் கணக்கில் என்பவை நிர்வாகம். பிரிவு 7 கோட்டின் இந்தப் பக்கம் சௌகரியமாக உட்காருகிறது. பிரிவு 11 அந்தப் பக்கம் விழுகிறது. பிரிவு 11-ஐ இந்த அரணில் வைத்துக் காக்க முயலாதீர்கள், அதற்கு மூன்றாவது அரண் இருக்கிறது.

அடுத்து 1954-இன் ரத்திலால் பானாசந்த் காந்தி வழக்கு. இது உங்களுக்கு எதிரான தீர்ப்பு, ஆனாலும் நீங்களேதான் முதலில் எடுத்துவைக்க வேண்டும். சொத்து நிர்வாகத்தைச் சட்டம் ஒழுங்குபடுத்தலாம், ஆனால் நிர்வாக உரிமையையே முழுதாகப் பிடுங்கி வேறொரு அதிகார அமைப்பின் கையில் கொடுத்தால் அது 26(டி)-யை மீறும் என்றது அந்த வழக்கு. பிரிவு 4 செய்வது ஒழுங்குபடுத்தலா, பிடுங்கலா? இங்கே 1963-இன் நாத்துவாரா வழக்கு உதவிக்கு வருகிறது. ராஜஸ்தானின் நாத்துவாரா கோயில் சட்டம் வாரியம் அமைத்தது, உறுப்பினர்கள் பெரும்பாலும் அந்தச் சம்பிரதாயத்தைச் சேர்ந்தவர்கள். சொத்து நிர்வாகத்தை அப்படி ஒரு வாரியத்திடம் தருவதை நீதிமன்றம் ஏற்றது. ஆகவே ‘ஐவரில் மூவர் சபைக் குடும்பத்தினர்’ என்பதை உண்மைக் கூற்றிலும் வாதத்திலும் தெளிவாகக் காட்டுங்கள். பெரும்பான்மை அவர்களிடமே இருக்கும்போது பிடுங்கல் எங்கே என்ற கேள்வி அதிலிருந்து இயல்பாக எழும்.

சில பிராப்ளங்களில் அர்ச்சகர் நியமனமும் சேர்ந்து வரும். அப்போது 1972-இன் சேஷம்மாள் வழக்கே போதும். தமிழ்நாடு வாரிசுவழி அர்ச்சகர் நியமனத்தை நீக்கிய திருத்தத்தை எதிர்த்த வழக்கு அது. நியமனம் என்ற செயல் உலகியல் சார்ந்தது, ஆனால் நியமிக்கப்படுபவர் ஆகமத் தகுதி உடையவராக இருக்க வேண்டும் என்று முடிந்தது. இரண்டாம் பாதியை மறைக்காதீர்கள்.

சிதம்பரம் தீர்ப்பை எதிர்கொள்வது

எதிர்த்தரப்பு கையில் உள்ள கூர்மையான ஆயுதம் 2014 ஜனவரியில் வந்த சுப்பிரமணியன் சுவாமி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு. சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குத் தமிழ்நாட்டின் 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 45-ஆம் பிரிவின் கீழ் செயல் அலுவலரை நியமித்தது செல்லாது என்றது. முறைகேட்டைச் சரிசெய்ய நிர்வாகத்தை எடுத்துக்கொண்டாலும், குறை தீர்ந்தவுடன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், காலவரையின்றி வைத்திருப்பது உரிமையைப் பறிப்பதாகும் என்பது தீர்ப்பின் சாரம்.

பல அணிகள் இதைக் கடைசிப் பக்கத்தில் ஒரு அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடும். நீதிபதியின் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும். தனித் துணைத்தலைப்பே போட்டு இரண்டு பக்கம் எழுதுங்கள். வேறுபாடுகள் மூன்று. ஒன்று, பொது தீட்சிதர்கள் ஒரு சமயப் பிரிவு என்பது அதற்கும் பல பதிற்றாண்டுகள் முன்னரே மதராஸ் உயர் நீதிமன்றத்தில் முடிவாகிவிட்டது, அதை மறுபடி கிளப்ப முடியாது என்ற நிலையில் வந்த தீர்ப்பு அது. இங்கே அப்படி ஒரு முன்முடிவு இல்லை. இரண்டு, பிரிவு 5 தானே மூன்றாண்டு உச்சவரம்பைப் போட்டிருக்கிறது. மூன்று, அந்த அதிகாரம் முறைகேடு தெரியவந்தால்தான் பிறக்கிறது, இங்கே 40 ஏக்கரும் 12 ஆண்டுப் பதிவேடும் தணிக்கை அறிக்கையில் இருக்கின்றன. சிதம்பரம் தீர்ப்புக்குப் பின் தமிழ்நாடே செயல் அலுவலர் நியமன நிபந்தனைகளுக்கு 2015-இல் விதிகள் இயற்றியது. தீர்ப்பு ஒழுங்குமுறையை ஒழிக்கவில்லை, அதற்குக் கரை போட்டது என்ற உங்கள் வாசிப்புக்கு அது வலு சேர்க்கும்.

இனி ‘மறு உத்தரவு வரும்வரை’. இதை மறைக்க முடியாது, காக்கவும் முடியாது. சட்டம் வேறு, சட்டத்தின் கீழ் பிறந்த ஆணை வேறு. ஆணையில் பிழை இருந்தால் ஆணை திருந்தும், சட்டம் விழாது. மெமோரியலில் இப்படி எழுதலாம்:

“நியமன ஆணையில் காலவரம்பு குறிப்பிடப்படவில்லை என்பதை எதிர்மனுதாரர் மறுக்கவில்லை. எனினும் அந்த ஆணை பிரிவு 5-இலிருந்தே உயிர் பெறுகிறது. அப்பிரிவு அனுமதிக்காத காலத்தை ஆணை தனக்குத் தானே தந்துகொள்ள முடியாது. எனவே அது நியமன நாளிலிருந்து மூன்றாண்டு முடியும்வரை, அல்லது தணிக்கையில் சுட்டிய குறைகள் தீரும்வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை மட்டுமே செல்லும் என வாசிக்கப்பட எதிர்மனுதாரர் இசைகிறார்.”

‘எது முந்துகிறதோ’ என்ற சொற்களைக் கவனியுங்கள். சிதம்பரம் தீர்ப்பு கேட்டது இதைத்தான். கேட்பதை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் எதிர்த்தரப்புக்குப் பறிக்க எதுவும் மிஞ்சாது. இப்படி இசைவது பலவீனமாகத் தெரியும் என்று அணிகள் அஞ்சுகின்றன. உண்மையான அரசு வழக்கறிஞர்கள் நாள்தோறும் செய்வது இது.

மூன்றாவது அரண்: பிரிவு 11-ஐ என்ன செய்வது?

ஷிரூர் மடம் வழக்கைப் படித்த எந்த நீதிபதியும் பூஜை நேரத்தை வாரியம் நிர்ணயிப்பதை ஏற்கமாட்டார். இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி குறுக்கி வாசிப்பது: ‘பூஜை நேரங்கள்’ என்றால் பக்தர்களுக்குத் தரிசனம் திறந்திருக்கும் நேரம், கூட்ட நெரிசலைக் கட்டுப்படுத்துவதற்கானது. சடங்குகளின் காலமும் முறையும் மரபுப்படி அர்ச்சகர்களிடமே இருக்கும். இந்த வாசிப்புக்குப் பிராப்ளத்தில் பிடிமானம் தேடுங்கள். சட்டத்தின் நோக்கவுரையில் ‘பக்தர் நலன்’ போன்ற சொல் இருந்தால் அதைப் பற்றிக்கொள்ளுங்கள். பிடிமானம் எதுவும் இல்லாவிட்டால் குறுக்கல் சட்டத்தைத் திருத்தி எழுதுவதாகிவிடும் என்று எதிர்த்தரப்பு சொல்லும், சரியாகவே சொல்லும்.

இரண்டாவது வழி பிரித்து நீக்குவது. 1957-இன் ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா வழக்கு தந்த சோதனை: செல்லாத பகுதியை எடுத்துவிட்டால் மீதி தனித்து நிற்குமா, சட்டமன்றம் அதை மட்டும் இயற்றியிருக்குமா? தணிக்கையும் வாரியமும் செயல் அலுவலரும் பூஜை நேரம் இல்லாமலே இயங்கும். ஆகவே பிரிவு 11 போனாலும் சட்டம் நிற்கும். இரண்டு வழிகளையும் இதே வரிசையில், ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றாக எழுதுங்கள்.

விகிதாசாரச் சோதனையை (நோக்கம் நியாயமானதா, வழி நோக்கத்தோடு பொருந்துகிறதா, இதைவிடக் குறைவாகப் பாதிக்கும் வழி இருக்கிறதா, பலனும் பாதிப்பும் சமன்படுகின்றனவா) இந்த அரணுக்குப் பின்னால் மூன்று பக்கத்தில் வைக்கலாம். 2016-இன் மாடர்ன் டென்டல் காலேஜ் தீர்ப்பும் 2017-இன் புட்டசாமி தீர்ப்பும் போதும். உறுப்பு 26-க்கு இந்தச் சோதனை அப்படியே பொருந்துமா என்பது விவாதத்துக்கு உரியது. முன்வரிசையில் வைத்தால் நீங்களே உரிமை மீறலை ஒப்புக்கொண்டது போலாகிவிடும்.

சிறு பகுதிகள்

உண்மைக் கூற்று ஒன்றரைப் பக்கம். வாதமோ பெயரடையோ கூடாது, ஆனால் வரிசை உங்கள் கையில். கோயிலின் பழமையில் தொடங்குவது மனுதாரர் பாணி. நீங்கள் கோயில், சபை என்று இரண்டு வரியில் அறிமுகம் முடித்துத் தணிக்கைக்குப் போய்விடுங்கள். ‘மறு உத்தரவு வரும்வரை’ என்ற சொற்களை இங்கேயே சேர்த்துவிடுங்கள். விட்டுவிட்டால் மறைத்தீர்கள் என்று மதிப்பெண் குறையும். பிராப்ளத்தில் இல்லாத உண்மையை ஒருபோதும் சேர்க்காதீர்கள். நகை காணாமல் போனது என்று பிராப்ளம் சொல்லவில்லை, பதிவேடு எழுதப்படவில்லை என்றுதான் சொல்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

எழுவினாக்களின் எண்ணும் வரிசையும் பிராப்ளத்தில் இருப்பதுபோலவே இருக்கட்டும். சொற்களைச் சற்றே திருப்பலாம்: ‘சட்டம் மத உரிமையை மீறுகிறதா’ என்பதை ‘கோயிலின் நிதி நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் உறுப்பு 25, 26-க்கு இணங்கியதா’ என்று வைக்கலாம். வாதச் சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள், ஒரு வினாவுக்கு ஒரு பத்தி.

வேண்டுகோள் பகுதியில் அரண்களின் வரிசை அப்படியே எதிரொலிக்க வேண்டும். மனுவைத் தள்ளுபடி செய்யவும் சட்டம் செல்லும் என அறிவிக்கவும் முதலில் கேளுங்கள். மாற்றாக, பிரிவு 11-ஐத் தரிசன நேரம் என்ற பொருளில் மட்டும் வாசிக்கக் கேளுங்கள். அதற்கும் மாற்றாக அந்தப் பிரிவை மட்டும் நீக்கி மீதியைக் காக்கக் கேளுங்கள். எந்நிலையிலும் நியமன ஆணையைப் பிரிவு 5-இன் காலவரம்புக்கு உட்பட்டதாக அறிவிக்கக் கேளுங்கள். வாதத்தில் எழுதி வேண்டுகோளில் கேட்க மறந்த மாற்றுப் பரிகாரம் வாதிடப்படாததற்குச் சமம். இது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான அணிகள் வேண்டுகோளை முந்தைய ஆண்டு மெமோரியலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுகின்றன.

ஒப்படைக்கும் முன்பு

அட்டை நிறம், எழுத்துரு அளவு, வரி இடைவெளி, மேற்கோள் முறை, பக்க உச்சவரம்பு எல்லாம் அந்தப் போட்டி விதிகளின்படியே. இந்தியாவில் பல போட்டிகள் மனுதாரருக்கு நீலம், எதிர்மனுதாரருக்குச் சிவப்பு அட்டை கேட்கும், ஆனாலும் விதியைப் பார்க்காமல் அச்சடிக்காதீர்கள். அடிக்குறிப்பில் உள்ள ஒவ்வொரு தீர்ப்பையும் திறந்து, நீங்கள் சொன்னது பெரும்பான்மைத் தீர்ப்பிலா, மாறுபட்ட தீர்ப்பிலா என்று பாருங்கள். சபரிமலை வழக்கில் ஐந்து நீதிபதிகள் மூன்று ஒருமித்த தீர்ப்புகளும் ஒரு மாறுபட்ட தீர்ப்பும் எழுதியிருப்பதால், நீதிபதி இந்து மல்ஹோத்ராவின் மாறுபட்ட வரிகளை அரசுக்கு ஆதரவாக எடுத்தாண்டு சிக்கிக்கொள்வது எளிது.

கடைசியாகக் கோப்பில் ‘மனுதாரர் பணிவுடன் சமர்ப்பிக்கிறார்’ என்ற தொடரைத் தேடுங்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே அணி எழுதும்போது, எதிர்மனுதாரர் மெமோரியலில் அது ஓரிரண்டு இடத்திலாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.